யாருக்கும் போகாத பணம்: பண்ட வரியின் மிகைச் சுமை

1696-இல் இங்கிலாந்தில் ஜன்னலுக்கு வரி போட்டார்கள். ஒருவருடைய வருமானத்தைத் துருவிக் கேட்டால் சண்டை வரும். ஜன்னலை வீதியில் நின்றபடியே எண்ணிவிடலாம். பெரிய வீடு என்றால் நிறைய ஜன்னல், நிறைய ஜன்னல் என்றால் வசதியான ஆள் என்பது கணக்கு. 1747-இல் விதியைத் திருத்தியபோது வீட்டுக்கு 2 ஷில்லிங் என்ற நிலையான தொகையோடு, 10 முதல் 14 ஜன்னல் உள்ள வீட்டில் ஜன்னல் ஒன்றுக்கு 6 பென்ஸ், 15 முதல் 19 வரை 9 பென்ஸ், 20-உம் அதற்கு மேலும் 1 ஷில்லிங், அதாவது 12 பென்ஸ், என்று வைத்தார்கள்.

இதில் ஒரு கொக்கி இருந்தது. பத்தாவது ஜன்னலை வைத்தால் அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் 6 பென்ஸ் இல்லை. பத்துக்கும் சேர்த்து 60 பென்ஸ். ஒன்பதோடு நிறுத்தினால் ஜன்னல் கணக்கில் ஒரு பென்னியும் கிடையாது. அப்புறம் என்ன நடக்கும்? பிற்காலத்தில் வாலஸ் ஓட்ஸ், ராபர்ட் ஷ்வாப் என்ற இரு பொருளியலாளர்கள் அந்தக் காலத்து வரிப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தபோது 9, 14, 19 ஆகிய எண்ணிக்கைகளில் வீடுகள் குவிந்து கிடந்தன.

ஒரு வீட்டுக்காரரை எடுத்துக்கொள்வோம். பத்தாவது ஜன்னல் தரும் வெளிச்சமும் காற்றும் அவருக்கு ஆண்டுக்கு 50 பென்ஸ் பெறும் என்று வைப்போம். வரி 60. எனவே அவர் அதை அடைத்துவிடுகிறார். கருவூலத்துக்கு அந்த ஜன்னலால் வந்தது பூஜ்யம். அவர் இழந்தது 50 பென்ஸ் பெறுமானமுள்ள வெளிச்சம். அந்த 50 யார் கைக்குப் போனது? யார் கைக்கும் போகவில்லை. அரசின் வரவுப் புத்தகத்தில் அதற்கு ஒரு பதிவு கூட இருக்காது. அவரைக் கேட்டால் "நான் வரி கட்டவில்லையே" என்றுகூடச் சொல்வார். ஆனால் வரியால் அவர் நஷ்டப்பட்டிருக்கிறார்.

இந்த நஷ்டத்துக்குத்தான் மிகைச் சுமை என்று பெயர். வரியாகக் கொடுத்த பணம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய பணம். கொடுத்தவருக்கு அது சுமைதான், ஆனால் அந்தப் பணம் எங்கோ இருக்கிறது, அதை வைத்துச் சாலை போடலாம், சம்பளம் கொடுக்கலாம். மிகைச் சுமை அப்படி இல்லை. கொடுத்த வரிக்கும் மேலே, வரி இருக்கிறது என்பதற்காக மனிதர்கள் தங்கள் தேர்வை மாற்றிக்கொண்டதால் காணாமல் போன நலன் அது. வரி எவ்வளவு வசூலானது என்பது ஒரு கேள்வி. அந்த வரியால் எத்தனை ஜன்னல் அடைபட்டது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு, விலை ஏறினால் வாங்கும் அளவு எவ்வளவு குறையும் என்பதைக் காட்டும் தேவையின் நெகிழ்ச்சிதான் பதில் சொல்கிறது.

இரண்டு பண்டங்கள், ஒரே வரி

கணக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். 'அ', 'ஆ' என்று இரண்டு பண்டங்கள். இரண்டுமே ஓர் அலகு 10 காசுக்கு விற்கிறது. உற்பத்திச் செலவும் அதே 10. எவ்வளவு கூடக்குறைய உற்பத்தி செய்தாலும் அது மாறாது. இரண்டும் மாதம் 100 அலகு விற்கின்றன. வித்தியாசம் வாங்குபவர்களிடம். 'அ' பண்டத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மாற்றுகள் இருக்கின்றன. விலை ஒரு விழுக்காடு ஏறினால் விற்பனை இரண்டு விழுக்காடு குறையும். 'ஆ' பண்டத்துக்கு மாற்று அரிது. விலை ஒரு விழுக்காடு ஏறினால் விற்பனை 0.2 விழுக்காடுதான் குறையும்.

இப்போது இரண்டுக்கும் அலகு ஒன்றுக்கு 2 காசு வரி. விலை 12 ஆகிறது, அதாவது 20 விழுக்காடு ஏற்றம். 'ஆ' விற்பனை 4 விழுக்காடு குறைந்து 96-க்கு வருகிறது. அரசுக்கு 192 காசு. 'அ' விற்பனை 40 விழுக்காடு குறைந்து 60-க்கு வருகிறது. அரசுக்கு 120 காசு.

'அ' சந்தையில் காணாமல் போன அந்த 40 அலகுகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். வரிக்கு முன்னால் அவற்றை வாங்கியவர்கள் 10 காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள், 12 கொடுக்கத் தயாராக இல்லை. அதாவது ஒவ்வொரு அலகும் அதை வாங்கியவருக்கு 10-க்கும் 12-க்கும் நடுவில் ஏதோ ஒரு மதிப்புப் பெற்றிருந்தது. ஒருவருக்கு 11.90, ஒருவருக்கு 11, ஒருவருக்கு 10.05. அதை உண்டாக்க ஆகும் செலவு 10-தான். 11.90 மதிப்புள்ள பொருளை 10 காசில் செய்து கொடுக்க முடியும். செய்பவர் தயார், வாங்குபவர் தயார், ஆனால் நடுவில் 2 காசு நிற்பதால் வியாபாரம் நடக்கவில்லை. நஷ்டம் 1.90. கடைசி ஆளுக்கு நஷ்டம் 0.05. எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோடு நேர்கோடு என்றால் சராசரி நஷ்டம் 1 காசு. 40 அலகுக்கு 40 காசு.

பாடப்புத்தகங்களில் தேவைக் கோட்டுக்குக் கீழே வரைந்து காட்டும் சின்ன முக்கோணம் இதுதான். வரியின் உயரம் ஒரு பக்கம், குறைந்த விற்பனை இன்னொரு பக்கம், அதில் பாதி. 1960-களில் அமெரிக்காவின் ஆர்னால்டு ஹார்பர்கர் இதை வைத்து உண்மையான வரிகளை அளந்து காட்டியதால் 'ஹார்பர்கர் முக்கோணம்' என்றே பெயர் வந்துவிட்டது.

'ஆ' சந்தையில் அதே முக்கோணத்தைப் போட்டால், சராசரி நஷ்டம் அதே 1 காசு, ஆனால் காணாமல் போனது 4 அலகு மட்டும். எனவே மிகைச் சுமை 4 காசு.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால், 'ஆ' வாங்குபவர்களுக்கு ஏற்பட்ட மொத்தச் சுமை 196. அதில் 192 அரசுக்குப் போய்ச் சேர்ந்தது. 'அ' வாங்குபவர்களுக்கு ஏற்பட்ட மொத்தச் சுமை 160. அதில் 120-தான் அரசுக்குப் போனது. வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால் 'ஆ' வரிதான் கடுமையானது. அதிலிருந்து தப்பிக்க வழி இல்லை, கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் தப்பிக்க வழி இல்லாததால்தான் வீணாவதும் குறைவாக இருக்கிறது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். 'நெகிழ்ச்சி குறைந்த பொருளுக்கு வரி போட்டால் பாதிப்புக் குறைவு' என்று ஒரு வாக்கியம் உலவுகிறது. பாதிப்புக் குறைவு என்பது தவறு, குறைவது வீணடிப்பு. ஒவ்வொரு காசு வருவாய்க்கும் 'ஆ' சந்தையில் இரண்டு விழுக்காடு வீணாகிறது, 'அ' சந்தையில் மூன்றில் ஒரு பங்கு.

வரியை ஏற்றினால்

'அ' பண்டத்திலிருந்தும் 192 காசு எடுத்துவிடலாம் என்று ஒருவர் நினைக்கலாம், கொஞ்சம் வரியை ஏற்றினால் போதாதா? போதாது, ஏனென்றால் முடியவே முடியாது. வரி ஒரு காசு ஏறும்போதெல்லாம் 'அ' விற்பனை 20 அலகு சரிகிறது. வரி 2.50 என்றால் விற்பனை 50, வருவாய் 125. இதுதான் உச்சம். 3 காசு போட்டால் விற்பனை 40 ஆகி, வருவாய் மறுபடியும் 120-க்கே இறங்கிவிடும்.

வழியில் நடக்கும் வீணடிப்பைப் பாருங்கள். 2 காசில் மிகைச் சுமை 40. 2.50-இல் 62.50. அதாவது கூடுதலாக 5 காசு வருவாய்க்கு 22.50 காசு நலனை எரித்திருக்கிறோம். 3 காசில் மிகைச் சுமை 90. வருவாயோ 2 காசு வரி தந்த அதே 120.

இதற்குக் காரணம் முக்கோணத்தின் வடிவம். வரி இரண்டு மடங்கானால் முக்கோணத்தின் உயரமும் இரண்டு மடங்கு, அகலமும் இரண்டு மடங்கு. பரப்பு நான்கு மடங்கு. மிகைச் சுமை வரியின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது என்பதைப் பிரான்ஸின் பொறியாளர் ஜூல் துப்புய் 1844-லேயே எழுதிவிட்டார். பாலங்களின் சுங்கக் கட்டணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். முதலில் போடும் சின்ன வரி விரட்டுவது, அந்தப் பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று ஊசலாடிக்கொண்டிருந்தவர்களைத்தான். அவர்களுக்கு நஷ்டம் சொற்பம். வரி ஏற ஏற, அந்தப் பொருளை உண்மையாகவே மதித்தவர்கள் விலகத் தொடங்குகிறார்கள். அதனால்தான் ஒவ்வொரு அடுத்த காசும் முந்தையதைவிட அதிகம் கெடுக்கிறது.

நெகிழ்ச்சி அதிகமுள்ள பண்டத்தில் இந்தச் சிக்கல் சீக்கிரம் வெளியே தெரியும். 1990-இல் அமெரிக்கா சில ஆடம்பரப் பொருள்களுக்கு 10 விழுக்காடு வரி கொண்டுவந்தது. உல்லாசப் படகுகளில் ஒரு லட்சம் டாலருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு அது விழுந்தது. பணக்காரர்கள் கொடுப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் பணக்காரர்கள் பழைய படகு வாங்கலாம், வெளிநாட்டில் வாங்கலாம், படகே வேண்டாம் என்று வேறெதிலாவது பணத்தைப் போடலாம். 1993-இல் படகு வரியை நீக்கிவிட்டார்கள். வாங்குபவரிடம் பணம் இருக்கிறதா என்பது வேறு, அவரிடம் மாற்று இருக்கிறதா என்பது வேறு. நெகிழ்ச்சியைத் தீர்மானிப்பது இரண்டாவதுதான்.

ராம்சேயின் கணக்கு

சரி, அப்படியானால் வரி முழுவதையும் 'ஆ' மேல் ஏற்றி, 'அ' பண்டத்தை விட்டுவிடலாமா? இந்தக் கேள்விக்கு 1927-இல் 24 வயது ஃபிராங்க் ராம்சே பதில் எழுதினார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர், தத்துவத்திலும் எழுதியவர். பொருளியலாளர் பிகு இந்தக் கேள்வியை அவரிடம் கொடுத்தார். குறிப்பிட்ட ஒரு தொகையைப் பண்ட வரிகளால் மட்டுமே திரட்ட வேண்டும், வீணடிப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டும், விகிதங்களை எப்படி வைப்பது?

அவர் கண்ட விடையின் சாரம், வரியால் எல்லாப் பண்டங்களின் அளவும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைய வேண்டும் என்பது. வரி விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நம் பண்டங்களில் போட்டுப் பார்ப்போம். 'ஆ' 4 விழுக்காடு குறைய 2 காசு வரி வேண்டும். 'அ' அதே 4 விழுக்காடு குறைய 0.20 காசு போதும். அதாவது நெகிழ்ச்சி பத்து மடங்கு அதிகமென்றால் வரி பத்தில் ஒரு பங்கு. இந்த இரு வரிகளும் சேர்ந்து தரும் வருவாய் 211.20. மிகைச் சுமை இரண்டிலும் சேர்த்து 4.40.

அதே 211.20-ஐ இரண்டு பண்டத்துக்கும் சமமான வரி போட்டுத் திரட்டினால் அலகுக்கு சுமார் 1.22 காசு வேண்டும். மிகைச் சுமை 16.40-ஐத் தொடும். 'ஆ' மேல் மட்டும் ஏற்றினால் சுமார் 2.21 காசு, மிகைச் சுமை 4.90 போல வரும். இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். நெகிழ்ச்சி குறைந்த பண்டத்தின் மேல் முழுச் சுமையையும் போடுவது சிறந்ததல்ல; 'அ' மேலும் துளி வரி போட்டால் இன்னும் கொஞ்சம் மிச்சம். எந்தப் பண்டத்திலும் முதல் துளி வரி கிட்டத்தட்ட இலவசம் என்பதால்தான் அப்படி.

நெகிழ்ச்சி கூடக்கூட வரியைக் குறை என்னும் இந்தத் தலைகீழ் நெகிழ்ச்சி விதியை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் ஒரு நிபந்தனையை விட்டுவிடுவார்கள். ஒரு பண்டத்தின் விலை மாறினால் மற்றதன் விற்பனை அசையக் கூடாது. 'அ'வும் 'ஆ'வும் ஒன்றுக்கொன்று மாற்று என்றால், 'ஆ' விலையேற்றம் வாங்குபவரை 'அ' பக்கம் தள்ளும். கணக்கைத் திருத்திப் போட வேண்டும். எண்கள் மாறினாலும், அளவில் ஏற்படும் விலகலைப் பார் என்ற அடிப்படை மாறாது.

வாங்கும் அளவு மாறவே இல்லை என்றால்?

இதுவரை 'விற்பனை எவ்வளவு குறைந்தது' என்று பார்த்தே கணக்குப் போட்டோம். வரித் துறைக்காரர்களும் பத்திரிகைகளும் அப்படித்தான் பார்க்கின்றன. வரிக்கு முன் இவ்வளவு, பின் இவ்வளவு, விற்பனை அசையவில்லை, எனவே தேர்வைக் கெடுக்கவில்லை என்பார்கள். இது சில சமயம் அப்பட்டமான பிழை.

விலை ஏறும்போது இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. ஒன்று, அந்தப் பொருள் மற்றவற்றோடு ஒப்பிட்டால் விலை கூடியதாகிவிடுகிறது. எனவே மாற்றைத் தேடுகிறோம். இது பதிலீட்டு விளைவு. இன்னொன்று, பழைய வருமானத்தில் இப்போது குறைவாகத்தான் வாங்க முடியும். நாம் கொஞ்சம் ஏழையாகிவிட்டோம். இது வருவாய் விளைவு. மிகைச் சுமையை உண்டாக்குவது முதலாவது மட்டும்தான். ஏழையாவது எந்த வரியிலும் நடக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பிடுங்கினாலும் நடக்கும். அதைத் தவிர்க்க முடியாது, அது கொடுத்த வரியின் மறுபக்கம்.

ஒரு குடும்பம் ஒரு மலிவான பண்டத்தை மாதம் 50 அலகு வாங்குகிறது. அலகுக்கு 1 காசு வரி வருகிறது. அப்புறமும் 50 அலகே வாங்குகிறது. அரசுக்கு 50 காசு. விற்பனைக் கணக்கைப் பார்ப்பவர் நெகிழ்ச்சி பூஜ்யம், மிகைச் சுமை பூஜ்யம் என்று எழுதிவிடுவார்.

அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வரிக்குப் பதிலாக அதே 50 காசை அந்தக் குடும்பத்திடம் ஒரே தொகையாக வாங்கியிருந்தால், விலையைத் தொடாமல் விட்டிருந்தால், அது எத்தனை அலகு வாங்கியிருக்கும்? மலிவான பண்டம் என்பதால், பணம் குறையும்போது இந்தக் குடும்பம் அதை அதிகம் வாங்கும், விலை உயர்ந்தவற்றைக் குறைக்கும். 58 அலகு வாங்கியிருக்கும் என்று வைப்போம். ஆக, வரி இந்தக் குடும்பத்தை 58-இலிருந்து 50-க்குத் தள்ளியிருக்கிறது. வெளியே தெரியாததற்குக் காரணம், ஏழ்மை அதை 50-இலிருந்து 58-க்கு எதிர்ப்பக்கம் தள்ளியதுதான். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. மிகைச் சுமை ஏறக்குறைய 1 × 8-இல் பாதி, அதாவது 4 காசு. பூஜ்யம் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. பணம் வந்தால் அதிகம் வாங்கும் வகைப் பண்டம் என்றால், வரியால் குறைந்த விற்பனையில் ஒரு பகுதி வெறும் ஏழ்மையால் குறைந்தது. அதையும் முக்கோணத்தில் சேர்த்தால் மிகைச் சுமையைக் கூட்டிக் காட்டிவிடுவோம். அந்தப் பண்டத்துக்கான செலவு குடும்பச் செலவில் சிறு பங்குதான் என்றால் இந்தப் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல. ஊசி நூலுக்கு வரி போட்டால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். செலவில் பெரும் பங்கு பிடிக்கும் பண்டங்களில்தான் கவனம் வேண்டும். ஆகவே 'நெகிழ்ச்சி குறைந்த தேவை' என்று இந்த விஷயத்தில் சொல்லும்போது, வருவாய் விளைவைக் கழித்த பிறகு எஞ்சும் நெகிழ்ச்சியைத்தான் சொல்ல வேண்டும். பொருளியலில் அதை ஈடுசெய்த தேவை என்பார்கள். கடைக் கணக்கில் அது நேராகக் கிடைக்காது. அதுதான் தொந்தரவு.

அளவீட்டில் இன்னொரு தொந்தரவு காலம். வரி வரப்போகிறது என்று முன்பே தெரிந்தால் மக்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் விற்பனை படுத்துவிடும். பார்ப்பவருக்கு நெகிழ்ச்சி பயங்கரமாகத் தெரியும். சில மாதங்களில் விற்பனை எழுந்ததும் 'பரவாயில்லை, பழகிவிட்டார்கள்' என்பார்கள். ஆனால் உண்மையான மாற்றம் மெதுவாகத்தான் வரும். எரிபொருளுக்கு வரி போட்ட ஆண்டில் எல்லோரும் பழைய வண்டியையே ஓட்டுவார்கள், வேறு வழியில்லை. பத்து ஆண்டில் சிக்கனமான வண்டிகள் வந்திருக்கும், வேலைக்கு அருகில் வீடு பார்த்திருப்பார்கள். கட்டின வீட்டில் ஜன்னலை அடைப்பது ஒரு வகை. கட்டும்போதே ஜன்னலைக் குறைத்துக் கட்டுவது இன்னொரு வகை. முதல் ஆண்டுக் கணக்கை வைத்து 'நெகிழ்ச்சி குறைவு' என்று முடிவு கட்டினால் மிகைச் சுமையைக் குறைத்து மதிப்பிட்டிருப்போம்.

வரியின் பரப்பை எங்கே வரைகிறோம் என்பதும் நெகிழ்ச்சியை மாற்றும். ஒரே ஒரு வகைப் பானத்துக்கு வரி என்றால் பக்கத்தில் இருக்கும் பானத்துக்கு மாறிவிடலாம். எல்லாப் பானங்களுக்கும் வரி என்றால் மாற இடம் குறைவு. பொருள் மாறவில்லை, வரியின் வேலிதான் அகலமானது. உடனே நெகிழ்ச்சி குறைந்துவிடுகிறது. 1851-இல் இங்கிலாந்து ஜன்னல் வரியை நீக்கிவிட்டு வீட்டின் வாடகை மதிப்பின் மேல் வரி கொண்டுவந்தது. ஜன்னலை அடைத்து வரியைக் குறைத்த மாதிரி வீட்டின் மொத்த மதிப்பை அவ்வளவு எளிதாகக் குறைக்க முடியாது. வரி அறிஞர்கள் விதிவிலக்கு நிறைந்த வரியை வெறுப்பதற்கு இது ஒரு காரணம். ஒவ்வொரு விதிவிலக்கும் ஒரு தப்பிக்கும் வாசல், அந்த வாசல் வழியாகத்தான் வீணடிப்பு நடக்கிறது.

புகையிலை போன்றவற்றை இந்தக் கணக்கில் அப்படியே போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே விற்பனை குறைவதே நோக்கம். வாங்குபவர் கொடுக்கும் விலையில் சேராத கேடு மற்றவர்களுக்கும் இருப்பதால், காணாமல் போன அலகுகளை நஷ்டம் என்று எழுதுவது சரியாகாது. அது வேறு கணக்கு.

யார் கொடுக்கிறார்கள்

நெகிழ்ச்சி குறைந்த பண்டங்களின் பட்டியலைப் போட்டால் அதில் பெரும்பாலும் எதெல்லாம் வரும்? அன்றாட உணவு, உப்பு, மருந்து. இல்லாமல் முடியாதவை. இவற்றுக்கான செலவு ஏழைக் குடும்பத்தின் வருமானத்தில் பெரும் பங்கு, வசதியான குடும்பத்தின் வருமானத்தில் சிறு பங்கு. முக்கோணத்தை மட்டும் பார்த்து வரி போட்டால் வரி நேராக ஏழைகள் தலையில் இறங்கும். ராம்சே தன் கணக்கில் மக்களிடையே வேறுபாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோருடைய காசும் ஒரே மதிப்பு என்று வைத்துக்கொண்டார். 1970-களில் பீட்டர் டயமண்ட் போன்ற பொருளியலாளர்கள் பலவகை மக்கள் இருக்கும் சமூகத்துக்கு அந்தக் கணக்கை விரித்து எழுதினார்கள்.

நம் எண்களிலேயே இதைப் பார்க்கலாம். 'ஆ' வாங்குபவர்கள் எல்லோரும் ஏழைகள், 'அ' வாங்குபவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்று வைப்போம். ராம்சே வழியில் 'ஆ' வாங்குபவர்கள் சுமப்பது 196, 'அ' வாங்குபவர்கள் சுமப்பது 19.60. சமமான வரியில் 'ஆ'வுக்குச் சுமார் 120.50, 'அ'வுக்குச் சுமார் 107. மொத்தத்தில் ராம்சே வழி 12 காசு மிச்சப்படுத்துகிறது. ஆனால் அந்த 12-க்காக ஏழைகள் மேல் கூடுதலாக 75.50 காசு ஏறியிருக்கிறது, வசதியானவர்களுக்கு 87.50 காசு இறங்கியிருக்கிறது. ஏழை கையில் இருக்கும் ஒரு காசை வசதியானவரின் 1.16 காசுக்குச் சமம் என்று மதித்தாலே, 12 காசு மிச்சம் அடிபட்டுப் போகிறது. 1.16-க்கு மேல் மதித்தால், அதிகம் வீணாக்கும் சமமான வரியே மேல் என்று அதே கணக்கு சொல்லும்.

அந்த 1.16-ஐ முக்கோணத்திலிருந்து எடுக்க முடியாது. அது வெளியிலிருந்து வர வேண்டிய எண். ஏழைகளுக்கு வேறு வழியில், உதாரணமாக நேரடிப் பணமாக, 75.50-ஐத் திருப்பிக் கொடுக்க ஓர் அரசால் முடியுமென்றால் நிலைமை மாறும். வீணாகாமல் மிஞ்சிய அந்த 12 காசை இருவரும் பங்கிட்டுக்கொள்ளலாம். திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில், 'நெகிழ்ச்சி குறைவு, எனவே வரி போடலாம்' என்ற வாதத்தின் முதல் பாதியைத்தான் மேலே போட்ட கணக்குகள் நிறுவுகின்றன. இரண்டாம் பாதிக்கு, மிகைச் சுமை எவ்வளவு என்பதோடு 'ஆ'வை யார் வாங்குகிறார்கள் என்ற பட்டியலும் கையில் வேண்டும்.